ஆறு எண்கள், ஒன்பது சொற்கள்: மங்கலான படத்திலிருந்து ஒரு குறுக்கெழுத்துத் தாளை மீட்ட விதம்

தாள் ஒன்றும் பெரியதல்ல. ஏழுக்கு ஏழு கட்டம், ஒன்பது சொற்கள், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பயிற்சி. மேலே கட்டம், கீழே இரண்டு பத்திகளாகக் குறிப்புகள். யாரோ ஒரு ஆசிரியர் எப்போதோ தட்டச்சு செய்து நகலெடுத்தது. மூலப் பிரதி கிடையாது; நாலாக மடித்து வைத்திருந்த ஒரே ஒரு நகல்தான் மிஞ்சியது. மாலை வகுப்பில் பாடம் எடுக்கும் ஒருவர் அதை டியூப் லைட் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். இன்னொரு தன்னார்வலர் படத்தைப் பார்த்துக் கணினியில் புதிதாகச் செய்து அச்சிட்டுக் கொடுத்தார். அச்சிட்ட தாள் வகுப்புக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே புகார் வந்துவிட்டது. "சார், மல்லிகை சரியா நாலு கட்டத்துல வருது, ஆனா கடிகாரத்தோட இடிக்குது" என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னதில்தான் மொத்தப் பிரச்சினையும் இருந்தது.

என் கைக்கு வந்தபோது இரண்டும் இருந்தன: முதல் படம், புதிதாகச் செய்த தாள். புதிய தாளில் கருப்பு, வெள்ளைக் கட்டங்கள் படத்தில் உள்ளபடியே சரியாக இருந்தன. கருப்பை # என்றும் வெள்ளையைப் புள்ளி என்றும் எழுதினால் கட்டம் இப்படி:

```
.....##
.#.#.#.
.#.#.#.
.###...
...###.
##.####
##.....
```

குறிப்புகளும் படத்தில் உள்ளவைதான், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் கட்டத்தில் 1 முதல் 8 வரை எண்கள் இருந்தன. குறிப்புகளிலோ 6க்கு மேல் எண்ணே இல்லை. செய்தவர் இதைக் கவனித்திருக்கிறார். தாளின் அடியில், "7, 8க்கான குறிப்புகள் படத்தில் விழவில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தார். படத்தின் கீழ் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்ததால் அப்படி நினைத்ததில் தவறில்லை.

படத்தில் படிக்க முடிந்த குறிப்புகள் இவை. இடப் பக்கப் பத்தியில், "இடமிருந்து வலம்" என்ற தலைப்பின் கீழே: 1. நேரம் காட்டும். 4. சுவரில் ஊரும், ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். 5. லாயத்தில் கட்டுவார்கள். 6. பக்கங்களும் அட்டையும் உண்டு. வலப் பக்கப் பத்தியில், "மேலிருந்து கீழ்" என்ற தலைப்பின் கீழே: 1. அலை வந்து மோதும் மணல்வெளி. 2. கரைந்து உறவைக் கூப்பிடும். 3. மதுரைக்குப் பேர்போன பூ. 5. இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமப்பது. அதற்கும் கீழே "கீழிருந்து மேல்" என்று ஒரு தலைப்பு, அதில் ஒரே ஒரு குறிப்பு: 4. நூல் கட்டி வானில் விடுவது.

எத்தனை எழுத்து என்ற தகவல் எந்தக் குறிப்பிலும் இல்லை. நம் ஊர்ப் பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் இருக்காது.

எண்கள் எங்கிருந்து வந்தன

கட்டத்துக்குள் இருந்த எண்களைப் படத்திலிருந்து படிக்க முடியவில்லை என்பதால், செய்தவர் கருப்பு வெள்ளையை மட்டும் ஒரு குறுக்கெழுத்து மென்பொருளில் வரைந்துகொண்டார். எண்களை அதுவே போட்டுக்கொண்டது. அது பின்பற்றியது ஆங்கிலப் புதிர்களின் விதி. மேல் வரிசையில் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகப் போக வேண்டும். இடப் பக்கம் கருப்போ ஓரமோ இருந்து, வலப் பக்கம் வெள்ளை இருந்தால் அங்கே ஒரு குறுக்குச் சொல் தொடங்குகிறது. மேலே கருப்போ ஓரமோ இருந்து, கீழே வெள்ளை இருந்தால் அங்கே ஒரு நெடுக்குச் சொல் தொடங்குகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று தொடங்கினாலும் அந்தக் கட்டத்துக்கு அடுத்த எண். இரண்டுமே தொடங்கினால் இரண்டுக்கும் ஒரே எண்.

ஆங்கிலத் தாளாக இருந்தால் இந்த விதி ஒரு வரம். எண்கள் முழுக்க அழிந்துபோனாலும் கட்டத்தை வைத்தே அத்தனையையும் திரும்பப் போட்டுவிடலாம். தமிழ்த் தாளில் அப்படி முடியாது. நம் பத்திரிகைப் புதிர்களும் பள்ளிப் பயிற்சிகளும் நான்கு திசையிலும் சொற்களை ஓட விடுகின்றன: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். வலமிருந்து இடமாக ஓடும் சொல்லுக்கு எண் வலக் கோடியில் இருக்கும். கீழிருந்து மேலே ஏறும் சொல்லுக்கு எண் அடியில் இருக்கும். மென்பொருளுக்கு இது தெரியாது. எல்லாச் சொல்லும் இடப் பக்கமோ மேல் பக்கமோதான் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வெளியிட்ட புதிரைத்தான் குறுக்கெழுத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதில் குறுக்கு, நெடுக்கு என்ற தலைப்புகளே கிடையாது. சொல் தொடங்கும் கட்டத்துக்கும் முடியும் கட்டத்துக்கும் எண் இருக்கும். குறிப்பு 2-3 என்பது போல இரண்டு எண்ணோடு வரும். அந்த முறை நிலைத்திருந்தால் நம் நான்கு திசைத் தாள்களுக்குத் தலைப்பே தேவைப்பட்டிருக்காது. பின்னால் வந்தவர்கள் முடிவு எண்ணை விட்டுவிட்டார்கள். திசையைச் சொல்லும் பொறுப்பு முழுக்கத் தலைப்பின் மேல் விழுந்தது. தலைப்பு ஒன்று அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தாளே சாட்சி.

முதலில் எண்ணிக்கை

குறிப்புகள் விடுபட்டனவா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. எண்ணிப் பார்த்தால் போதும். கட்டத்தில் இரண்டோ அதற்கு மேலோ வெள்ளைக் கட்டங்கள் தொடர்ந்து வரும் ஒவ்வொரு நீட்சியும் ஒரு சொல்லுக்கான இடம். படுக்கையாக நான்கு: 1ஆம் வரிசையில் 5 எழுத்து, 4ஆம் வரிசையில் 3, 5ஆம் வரிசையில் 3, 7ஆம் வரிசையில் 5. செங்குத்தாக ஐந்து: 1ஆம் நெடுவரிசையில் 5, 3ஆம் நெடுவரிசையில் மேலே ஒரு 3, கீழே ஒரு 3, 5ஆம் நெடுவரிசையில் 4, 7ஆம் நெடுவரிசையில் 4. மொத்தம் ஒன்பது. குறிப்புகளும் ஒன்பது.

ஆக, எதுவும் விடுபடவில்லை. 7, 8 என்ற எண்கள் மூலத் தாளில் இருந்திருக்கவே முடியாது. எண்கள்தான் தவறு, குறிப்புகள் அல்ல. எந்தத் தாளாக இருந்தாலும் நான் இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் இதற்கு ஒரு எண்ணைக்கூடப் படிக்க வேண்டியதில்லை; கருப்பும் வெள்ளையும் தெரிந்தால் போதும். இடங்களும் குறிப்புகளும் சமமாக இருந்து எண்கள் மட்டும் பொருந்தாவிட்டால், திசையில் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பு குறைந்தால் மட்டும் படத்தின் ஓரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடயமும் இருந்தது. ஆறு எண்களுக்கு ஒன்பது குறிப்புகள் என்றால், மூன்று எண்கள் இரண்டு முறை வருகின்றன: 1, 4, 5. அதாவது மூன்று கட்டங்களில் இரண்டு சொற்கள் சேர்ந்து தொடங்குகின்றன. மென்பொருள் போட்ட எட்டு எண்களில் 1 மட்டுமே இரண்டு சொற்களுக்குப் பொதுவாக இருந்தது. இது போதும், எண் அமைப்பே வேறு என்று சொல்ல.

படத்தில் மிஞ்சியது என்ன

பிறகு படத்துக்குப் போனேன். சாய்வாக எடுத்த படம். கட்டத்தின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடக் குறுகலாக இருந்தது. இதைச் சரிசெய்வது எளிது. வெளிக்கோட்டின் நான்கு முனைகளைக் குறித்து, அதைச் சதுரமாக நிமிர்த்தி, ஒவ்வொரு கட்டமும் ஒரே அளவில் வருமாறு வெட்டிக்கொள்ள வேண்டும். முனையைக் குறிக்கும்போது தாளின் முனையைக் குறித்துவிடக் கூடாது. கட்டத்தின் வெளிக்கோடுதான் கணக்கு. தாளை வைத்து நிமிர்த்தினால், மடிப்பால் தாள் வளைந்திருக்கும் இடத்தில் கோடுகள் நகர்ந்துவிடும். கடைசி இரண்டு வரிசைகளில் வெட்டு கட்டத்துக்கு நடுவே விழும்.

கருப்பா வெள்ளையா என்று பார்க்கும்போது கட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தில் கோடு இருக்கும், மூலையில் எண் இருக்கும். நிழல் விழுந்த வெள்ளைக் கட்டம் வெளிச்சத்தில் இருக்கும் கருப்பைவிடச் சில நேரம் இருட்டாகத் தெரியும். அதனால் தாள் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்காமல் பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். இந்தப் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலப் பத்திரிகைப் புதிர்கள் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அழிந்த மூலையை எதிர் மூலையை வைத்துச் சரிபார்க்கலாம். பயிற்சித் தாள்களுக்கு அந்தச் சமச்சீர் கிடையாது. அந்த வழியை நம்பக் கூடாது.

எண்கள்தான் சோதனை. தாளில் கட்டம் 12 மில்லிமீட்டர், அதன் மூலையில் உள்ள எண் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரம். அனுப்பும் செயலி படத்தைச் சுருக்கியிருந்தது. நீளப் பக்கம் 1600 படப்புள்ளிகள்தான். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து படப்புள்ளிகள், ஒரு எண்ணுக்குப் பத்துப் படப்புள்ளி உயரம். அந்த உயரத்தில் 3ம் 8ம் ஒன்றுதான், 5ம் 6ம் ஒன்றுதான். அதோடு எண் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் 1 காணாமலே போய்விடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லியிருந்தால் சுருங்காமல் வந்திருக்கும். மறுபடி படமெடுத்து அனுப்பக் கேட்டேன், தாள் அதற்குள் பிள்ளைகள் கைமாறித் தொலைந்திருந்தது.

எண் என்ன என்று படிக்க முடியாவிட்டாலும், அங்கே ஒரு எண் இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்ல முடியும். நான் தேடியது அதை மட்டும்தான். ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்தின் இட மேல் மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து கட்டங்களில் மை இருந்தது: 1ஆம் வரிசையின் 1ஆம் கட்டம், அதே வரிசையின் 3ஆம் கட்டம், 2ஆம் வரிசையின் 7ஆம் கட்டம், 4ஆம் வரிசையின் 5ஆம் கட்டம், 5ஆம் வரிசையின் 3ஆம் கட்டம். கட்டத்தின் வலக் கீழ் மூலையில் டியூப் லைட்டின் பளபளப்பு விழுந்து எல்லாம் வெளுத்துக் கிடந்தது.

மை இல்லாத இடங்கள்தான் பேசின. 1ஆம் வரிசையின் 5ஆம் கட்டத்தில் மென்பொருள் 3 என்று போட்டிருந்தது. படத்தில் அந்த மூலை சுத்தமாக இருந்தது. 5ஆம் வரிசையின் 1ஆம் கட்டத்தில் மென்பொருள் 6 போட்டிருந்தது. படத்தில் அங்கேயும் ஒன்றுமில்லை. இரண்டும் பளபளப்பிலிருந்து தள்ளி, தெளிவாக இருந்த பகுதிகள். ஆகவே அங்கே எந்தச் சொல்லும் தொடங்கவில்லை.

எண்கள் கட்டத்தில் மேலிருந்து கீழாக, ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்து மைக் கறைகளும் முறையே 1, 2, 3, 4, 5 ஆகிவிடும். கறைகளின் வடிவத்தை இதற்குப் பிறகுதான் பார்த்தேன், எதுவும் முரண்படவில்லை. கையால் செய்த தாள்களில் எண்கள் இப்படி ஏறுவரிசையில் இல்லாமல் மனம்போன போக்கில் இருப்பதும் உண்டு. அதனால் இந்த அனுமானத்தை முடிந்த முடிவாக வைக்காமல், சொற்களைப் போட்டுச் சோதிக்க வேண்டும். 6 மட்டும் காணோம்.

காணாமல் போன தலைப்பு

இப்போது குறிப்புகளை இடங்களோடு சேர்க்கலாம் என்று தொடங்கினால் உடனே முட்டியது. இடமிருந்து வலமாக 5 என்கிறது பட்டியல். 5ஆம் எண் இருக்கும் கட்டத்துக்கு வலப் பக்கம் கருப்பு. வலப் பக்கமாகப் போக அங்கே இடமே இல்லை. இடப் பக்கம் மட்டும் இரண்டு வெள்ளைக் கட்டங்கள் இருக்கின்றன.

இடப் பக்கப் பத்தியை மறுபடி பெரிதாக்கினேன். 4ஆம் குறிப்புக்கும் 5ஆம் குறிப்புக்கும் நடுவே மடிப்புக்கோடு போகிறது. அந்த மடிப்பில் மை உதிர்ந்து ஒரு வெள்ளைப் பட்டை. அந்த இரண்டு குறிப்புகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி மற்ற வரிகளுக்கு இடையே உள்ளதைவிட இரண்டு மடங்கு. ஒரு வரி அங்கே இருந்து போயிருக்கிறது. அது "வலமிருந்து இடம்" என்ற தலைப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இது ஏன் முதலில் யார் கண்ணிலும் படவில்லை என்பது யோசிக்கத் தக்கது. வலப் பக்கப் பத்தியில் குறிப்புகள் 1, 2, 3, 5 என்று போய், பிறகு 4 வருகிறது. எண் இறங்கும் இடத்தில் புதுப் பட்டியல் தொடங்குகிறது என்று தலைப்பு இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். இடப் பக்கப் பத்தியிலோ 1, 4, பிறகு 5, 6. ஏறிக்கொண்டே போவதால் ஒரே பட்டியல் போலவே தெரிகிறது. எண் இறங்கவில்லை என்பதற்காகத் தலைப்பு எதுவும் தொலையவில்லை என்று நினைக்க முடியாது. வரிகளின் இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும்.

குறிப்புகளை எழுத்துணரி வைத்து எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு பத்தியையும் சேர்த்து ஒரே படமாகக் கொடுத்தால், அது சில நேரம் வரியைக் குறுக்கே படித்து, "நேரம் காட்டும்" என்பதோடு "அலை வந்து மோதும்" என்பதை ஒட்டிவிடும். இரண்டு குறிப்புக்கும் எண் 1 என்பதால் பிழை கண்ணில் படவும் படாது. பத்திகளைத் தனித்தனியாக வெட்டிக் கொடுப்பது நல்லது:

```
tesseract left.png left -l tam --psm 6
tesseract right.png right -l tam --psm 6
```

சொல்லின் முதலில் மெய் வராது

6க்கு வருவோம். 1ஆம் வரிசை, 4ஆம் வரிசை, 5ஆம் வரிசை ஆகியவற்றின் படுக்கை இடங்கள் 1, 4, 5க்குப் போய்விட்டன. மிஞ்சியது 7ஆம் வரிசை, ஐந்து எழுத்து. "பக்கங்களும் அட்டையும் உண்டு" என்றால் புத்தகம். பு, த், த, க, ம்: ஐந்து எழுத்து, சரியாகப் பொருந்துகிறது. ஆனால் எந்த முனையிலிருந்து? எண் வெளுத்துப்போனதால் படம் உதவாது. தலைப்பும் இல்லை. மடிப்புக்குக் கீழே இருப்பதால் வலமிருந்து இடம் என்று ஊகிக்கலாம், ஆனால் அது ஊகம்தான்.

இங்கேதான் தமிழ் கைகொடுத்தது. 7ஆம் வரிசையின் இடக் கோடி 3ஆம் நெடுவரிசையில் கீழே உள்ள சொல்லின் கடைசிக் கட்டம். அந்தச் சொல் "இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமப்பது", மூன்று எழுத்து: குடம். கடைசி எழுத்து ம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே 7ஆம் வரிசைச் சொல் இடக் கோடியில் தொடங்கவே முடியாது. அங்கே முடியத்தான் முடியும். புத்தகம் வலக் கோடியில் தொடங்கி இடப் பக்கம் ஓடி, குடத்தின் ம் மேலேயே வந்து முடிகிறது. 6 என்ற எண் 7ஆம் வரிசையின் 7ஆம் கட்டத்தில், பளபளப்புக்கு நேர் கீழே இருந்திருக்கிறது.

இதே வாதம் 1ஆம் வரிசையின் 5ஆம் கட்டத்துக்கும் பொருந்தும். முதல் வரிசை கடிகாரம். அதன் ம் 5ஆம் நெடுவரிசையின் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து கீழே ஒரு சொல் இறங்க முடியாது. கீழேயிருந்து ஒரு சொல் ஏறி வந்து அங்கே முடியலாம். கீழிருந்து மேல் 4: ப, ட், ட, ம். பட்டம்.

நான்கு திசைத் தமிழ்த் தாள்களில் நான் மிகவும் நம்பும் தடயம் இதுதான். ஆசிரியர்கள் தலைகீழ் திசைகளைப் பயன்படுத்துவதற்குக் காரணமே இதுதான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. நம் சொற்களில் பல ம், ல், ன், ர் என்று மெய்யில் முடிகின்றன. மெய்யில் முடிந்த கட்டத்திலிருந்து புதுச் சொல்லைத் தொடங்க வழியில்லை. அந்த எழுத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் இன்னொரு சொல்லை எதிர்த்திசையில் கொண்டுவந்து அங்கே முடிக்க வேண்டும். தொடக்கத்தில் வராத உயிர்மெய்களும் ஓரளவு உதவும், ஆனால் ரயில், லட்டு, டப்பா எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மெய்க்கு அந்தச் சங்கடம் பள்ளித் தாள்களில் கிட்டத்தட்ட இல்லை.

ஒரு புள்ளியின் விலை

இப்போது அந்தச் சிறுமியின் புகாருக்கு வரலாம். புதிய தாளில் 3 என்ற எண் 5ஆம் நெடுவரிசையின் உச்சியில் இருந்தது. "மதுரைக்குப் பேர்போன பூ" என்று அவள் அங்கே மல்லிகையை எழுதினாள். நான்கு கட்டம், நான்கு எழுத்து, அளவு கச்சிதம். ஆனால் அந்த உச்சிக் கட்டத்தில் கடிகாரத்துக்கு ம் வேண்டும், மல்லிகைக்கு ம வேண்டும்.

வித்தியாசம் ஒரு புள்ளி. அவள் பேனாவில் எழுதியதால் புள்ளியைப் பார்த்தாள். மங்கலான படத்தில் எழுதி முடித்த விடைத்தாளை யாராவது படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்துப் படப்புள்ளி உயரத்தில் எண்ணே அழியும்போது, மெய்யின் புள்ளி எம்மாத்திரம். ம, ம் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, மல்லிகை தவறான இடத்திலும் சரியாகப் பொருந்தியதாகத் தோன்றியிருக்கும். அதனால் சந்திப்புக் கட்டத்தில் எழுத்து ஒத்துப்போகிறது என்று சொல்வதற்கு முன்பு, அங்கே புள்ளி இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும். குறிப்பாகச் சொல் மெய்யில் முடியும் கட்டங்களில்.

கணினியில் சரிபார்ப்பவர்களும் இங்கே தடுக்கி விழுவதுண்டு. மல்லிகை நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறிகள், ஏனென்றால் புள்ளியும் ி, ை போன்ற குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சாதாரணமாக நீளம் கேட்டால் 7 என்று வரும், எந்த இடத்திலும் பொருந்தாது. எழுத்தாகப் பிரித்து எண்ண வேண்டும்:

```python
import regex
regex.findall(r"\X", "மல்லிகை")
# ['ம', 'ல்', 'லி', 'கை']
```

பள்ளித் தாளுக்கு இது போதும். க்ஷ, ஸ்ரீ போன்றவை வந்தால் ஆசிரியர் அதை ஒரு கட்டமாக எண்ணினாரா இரண்டாகவா என்று தாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சேர்த்துச் சரிபார்ப்பு

சொற்களை இடத்தில் போட்டால் கட்டம் இப்படி நிறைகிறது:

```
க  டி  கா  ர  ம்  #  #
ட  #  க  #  ட  #  ம
ற்  #  ம்  #  ட்  #  ல்
க  #  #  #  ப  ல்  லி
ரை தி  கு  #  #  #  கை
#  #  ட  #  #  #  #
#  #  ம்  க  த  த்  பு
```

இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டங்கள் எட்டு. எட்டும் எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகின்றன. முதலில் ஏறுவரிசை என்று எடுத்துக்கொண்ட அனுமானமும் இதனால் உறுதியானது.

இரண்டு சந்திப்புகளை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே குறிப்பு மட்டும் போதாமல் இருந்தது. முதலாவது, "நூல் கட்டி வானில் விடுவது". பட்டம் என்று நான் எழுதினேன். சென்னைப் பிள்ளைகள் காற்றாடி என்றுதான் எழுதுவார்கள், அதற்கும் நான்கு எழுத்து: கா, ற், றா, டி. அளவால் இதை முடிவு செய்ய முடியாது. ஆனால் 4ஆம் எண் கட்டத்திலிருந்தே பல்லியும் தொடங்குகிறது. அங்கே ப இருக்க வேண்டும், கா இருக்க முடியாது. உச்சியிலும் டி வந்தால் கடிகாரம் கெடும். பட்டம்தான்.

இரண்டாவது, 5. இந்த எண்ணில் இரண்டு சொற்கள்: குதிரை, குடம். இரண்டும் கு என்று தொடங்குகின்றன, இரண்டும் மூன்று எழுத்து, இரண்டும் ஒரே கட்டத்திலிருந்து புறப்படுகின்றன. ஒன்று இடப் பக்கம் போகிறது, ஒன்று கீழே. தலைப்பும் அழிந்து, பத்தியும் குழம்பியிருந்தால் எது எங்கே என்று தொடக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது. முடிவை வைத்துச் சொல்லலாம். இடப் பக்கக் கோடியில் கடற்கரை இறங்கி வந்து முடிகிறது, அங்கே ரை. குதிரை அங்கேதான் போக முடியும். கீழ்க் கோடியில் புத்தகம் வந்து முடிகிறது, அங்கே ம். அது குடம். மாற்றிப் போட்டால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் கெடுகின்றன.

எல்லாத் தாளும் இவ்வளவு இணக்கமாக இருக்காது. ஒரே எண்ணில் தொடங்கும், ஒரே நீளமுள்ள இரண்டு சொற்கள் தொடக்கக் கட்டத்தைத் தவிர வேறு எங்கும் எந்தச் சொல்லையும் தொடாமல் தனியாக நின்றால், தலைப்பு அழிந்த பிறகு எது குறுக்கு, எது நெடுக்கு என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது இரண்டு அமைப்புமே சரிதான். ஒன்றைத் தேர்ந்து தாளில் புதிதாகத் தலைப்பிட்டுவிட வேண்டியதுதான். மூலத்தில் இப்படித்தான் இருந்தது என்று சொல்லக் கூடாது.

திருத்திய தாளில் எட்டு எண்களை எடுத்துவிட்டு ஆறு போட்டோம். 5ஆம் குறிப்புக்கு மேலே "வலமிருந்து இடம்" என்ற தலைப்பு திரும்பி வந்தது. "7, 8க்கான குறிப்புகள் படத்தில் விழவில்லை" என்ற வரி போனது. மூலத்தில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன்: கட்டத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் சொல் ஓடும் திசைக்கு ஒரு சின்ன அம்புக்குறி, இரண்டு சொற்கள் தொடங்கும் கட்டத்தில் இரண்டு. மென்பொருளில் அதற்கு வசதி இல்லாததால் கட்டத்தைச் சாதாரண அட்டவணையாகவே வரைந்து அச்சுக்குக் கொடுத்தோம்.